புதன்கிழமை தடுப்பூசி முகாம்: எந்த வயதுப் பிள்ளை எத்தனை மணிக்கு வரவேண்டும், ஏன்?

நம் வாரியக் குடியிருப்பில் ஏ பிளாக் முதல் எஃப் பிளாக் வரை குழந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். வரும் புதன்கிழமை, பி பிளாக் கீழ்த்தளத்தில் இருக்கும் அங்கன்வாடியில் தடுப்பூசி முகாம் நடக்கிறது. மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வருகிறார். கூட்டம் சேர்ப்பதும், நாற்காலி போடுவதும், பெயர் எழுதுவதும் குடியிருப்போர் சங்கத்தின் வேலை. அதாவது, என் வேலை.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். அவசரமாக இருப்பவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

காலை 9 மணி முதல் 11.30 வரை, 9 மாதம் முடிந்த குழந்தைகளும் 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளும் வரவேண்டும். தட்டம்மை-ரூபெல்லா ஊசி விட்டுப்போன, 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இந்த நேரத்தில்தான் வரவேண்டும். இதில் ஏ, பி பிளாக் 9 மணிக்கு, சி, டி பிளாக் 9.45-க்கு, இ, எஃப் பிளாக் 10.30-க்கு.

11.30 முதல் 1 மணி வரை கைக்குழந்தைகள். 6, 10, 14 வார ஊசிகள், அதாவது ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடுபவை.

1 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம். செவிலியருக்கும் பசிக்கும்.

2 முதல் 3.30 வரை 5, 6 வயதுப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும். 3.30 முதல் 5 மணி வரை 10 வயது, 16 வயதுப் பிள்ளைகள். பள்ளி விட்டு நேராக வரலாம் என்பதற்காகச் செவிலியரிடம் கேட்டு ஐந்து மணி வரை நீட்டித்திருக்கிறோம்.

நேரம் இவ்வளவுதான். சென்ற முறை "காலை 9 முதல் மாலை 4 வரை" என்று ஒரே வரியில் முடித்த ஆள் இந்த முறை ஏன் வயதுக்கு ஒரு நேரம், பிளாக்குக்கு ஒரு நேரம் என்று பிரித்திருக்கிறேன் என்று சிலர் கேட்டுவிட்டார்கள். "ரேஷன் கடையா நடத்துறீங்க?" என்றுகூட ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

சென்ற முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு நம் பட்டியலில் இருந்தது ஒன்பது குழந்தைகள். செவிலியர் எம்.ஆர். என்று சொல்லும் ஊசி இதுதான். அந்த மருந்து ஒரு சின்னக் குப்பியில் தூளாக வரும். கூடவே வரும் திரவத்தை ஊற்றிக் கரைத்தால் ஐந்து குழந்தைகளுக்குப் போடலாம். ஒன்பது பேருக்கு இரண்டு குப்பி என்று கணக்குப் போட்டு இரண்டைக் கொண்டுவந்தார். பத்துப் பேருக்கு மருந்து, ஒன்பது குழந்தைகள். பற்றாக்குறைக்கு வாய்ப்பே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

காலை 9.10-க்கு இரண்டு குழந்தைகள் வந்தார்கள். முதல் குப்பியைத் திறந்து கரைத்தார். குப்பி மேலேயே பேனாவால் நேரம் எழுதினார். 10.30-க்கு இன்னொரு குழந்தை வந்தது. அதற்கப்புறம் அந்த ஊசிக்கு யாரும் வரவில்லை. மணி 1.10 ஆனதும் செவிலியர் அந்தக் குப்பியை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு பேருக்கான மருந்து அதில் இருந்தது. "மேடம், இன்னும் தீரலையே" என்றேன். "நாலு மணி நேரம் ஆச்சு, அவ்ளோதான்" என்றார்.

1.40-க்கு இரண்டாவது குப்பி திறந்தது. சாப்பாடு முடிந்து, வேலைக்குப் போனவர்கள் திரும்பி, 3.30-க்குள் ஐந்து குழந்தைகள் வந்துவிட்டார்கள். அந்தக் குப்பி சுத்தமாகத் தீர்ந்தது. 3.50-க்கு ஒன்பதாவது குழந்தையோடு ஒரு தாய் வந்தார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, மூன்று மாடி ஏறி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மருந்து இல்லை. அடுத்த வாரம் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தப்பு முழுக்க என் அறிவிப்பில்தான். குழந்தைகள் எல்லோரும் காலையில் சேர்ந்து வந்திருந்தால் இரண்டு குப்பியில் ஒன்பது பேருக்கும் போட்டு, ஒருவருக்கான மருந்து மிச்சமாகியிருக்கும்.

நான்கு மணி நேரக் கணக்கு செவிலியரின் பிடிவாதம் இல்லை. தடுப்பு மருந்துகளில் இரண்டு வகை உண்டு. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா, மூன்று நோய்களுக்கான டி.பி.டி., டி.டி. போன்றவை திரவமாகவே வருபவை. கெட்டுப்போகாமல் இருக்க அவற்றில் ஒரு பொருள் கலந்திருக்கும். குளிரில் ஒழுங்காக வைத்திருந்தால், ஒருமுறை திறந்த குப்பியையும் 28 நாள் வரை பயன்படுத்த விதி அனுமதிக்கிறது. எம்.ஆர். அப்படி அல்ல. அதில் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி இருக்கிறது. பாதுகாக்கும் பொருளைக் கலந்தால் அந்தக் கிருமியே செத்துவிடும், ஊசி பயனற்றுப் போகும். அதனால் கலப்பதில்லை. கரைத்த பிறகு அதற்குள் வெளிக்கிருமி ஒன்று போய்விட்டால் அதைத் தடுக்க உள்ளே எதுவும் கிடையாது, நேரம் ஆக ஆகப் பெருகும். அதோடு, கரைத்த மருந்தின் வீரியமும் இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் நான்கு மணி நேரம், அல்லது முகாம் முடியும் நேரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு சரி.

மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடுமையான உதாரணம் இருக்கிறது. 2017-இல் தெற்கு சூடானில் ஒரு கிராமத்தில் கரைத்த தட்டம்மை மருந்தைக் குளிர்ப்பெட்டி இல்லாமல் நான்கு நாள் வைத்துப் போட்டார்கள், எல்லோருக்கும் ஒரே சிரிஞ்சைப் பயன்படுத்தினார்கள். 15 குழந்தைகள் இறந்தன. மருந்தில் குறையில்லை. கையாண்ட விதத்தில்தான் கிருமி புகுந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பாதிக்குப் பாதி மருந்து இருக்கும் குப்பியைச் செவிலியர் ஒதுக்கி வைக்கும்போது "வேஸ்ட் பண்றாங்க" என்று யாரும் முணுமுணுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சென்ற முறை முணுமுணுத்த முதல் ஆள் நான்தான்.

இந்த முறை பட்டியலில் 13 குழந்தைகள். மூன்று குப்பி போதும். ஆனால் நான்கு கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்கள். நான்காவது, காலையில் வரவே முடியாதவர்களுக்கு. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்து போடவேண்டும் என்பதுதான் அரசு விதி. மருந்து வீணாகும் என்று குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆகவே உங்கள் நேரம் தவறிவிட்டால் "இனி போய் என்ன" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், எத்தனை மணியானாலும் வாருங்கள். ஆனால் முடிகிறவர்கள் காலையிலேயே வந்துவிட்டால்தான் அந்த நான்காவது குப்பி நிஜமாகவே வரமுடியாதவர்களுக்கு மிஞ்சும்.

இனி ஒவ்வொரு வயதுக்கும் அன்று என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எத்தனை குத்து என்று முன்னாலேயே தெரிந்தால் தாய்மார்கள் தயாராக வருவார்கள். அங்கே வந்து "மூணு ஊசியா!" என்று மலைத்து, ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கிளம்புவது நம் குடியிருப்பில் வழக்கமாகிவிட்டது. ஒரே நாளில் போடுவதால் குழந்தைக்குத் தீங்கில்லை. தள்ளிப்போட்ட ஊசிக்கு அந்த அடுத்த மாதம் பலருக்கு வருவதே இல்லை.

6 வாரத்தில் மூன்று குத்து: ஒரு தொடையில் பென்டா, இன்னொரு தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி., கையில் தோலுக்குள் மிகச் சிறிதாகப் போலியோ ஊசி. கூடவே போலியோ சொட்டும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டும். 10 வாரத்தில் பென்டா ஒன்று மட்டும்தான் ஊசி, மற்றவை சொட்டு. 14 வாரத்தில் மறுபடி மூன்று. 9 மாதத்திலும் மூன்று: எம்.ஆர்., பி.சி.வி., போலியோ. அன்று வைட்டமின் ஏ திரவமும் ஒரு கரண்டியில் தருவார்கள். ஒன்றரை வயதில் இரண்டு: எம்.ஆர். இரண்டாம் தவணை, டி.பி.டி. முதல் பூஸ்டர். 5 வயதில் ஒன்று, டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர். 10-லும் 16-லும் ஒவ்வொன்று.

ஒன்றரை வயது ஊசியைத்தான் நம்மிடம் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். 9 மாத ஊசி போட்டதும் அட்டையை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். "தட்டம்மை ஊசி போட்டாச்சு" என்பதோடு மனதில் அது முடிந்துவிடுகிறது. முதல் தவணை எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சமிருந்தால் அதுவே மருந்தை வேலை செய்யவிடாது. அப்படிப் பிடிக்காமல் போன குழந்தை எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோருக்குமே இரண்டாவது.

5 வயது ஊசிக்கு ஒரு கெடு உண்டு. 7 வயது முடிந்துவிட்டால் டி.பி.டி. போடமாட்டார்கள், கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லாத டி.டி.-தான். இரண்டாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

10, 16 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லும் ஒரு பதில் எனக்கு மனப்பாடம்: "போன வருஷம் ஆணி குத்தினப்ப டி.டி. போட்டாச்சே." அந்தப் பெயரில்தான் குழப்பம். பழைய டி.டி. ரணஜன்னிக்கு மட்டும். இப்போது அரசு போடும் டி.டி.-யில் ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் மருந்து இருக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தால் நாம் என்ன செய்வது! அன்று போட்டது எது, எப்போது என்று சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். வேண்டுமா, வேண்டாமா என்பதைச் செவிலியர் பார்த்துச் சொல்வார். பள்ளியில் ஏற்கெனவே போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. கைக்குழந்தைகள் அழுவார்கள், இவர்கள் மயங்கி விழுவார்கள். வரிசையில் நின்று முன்னால் இருப்பவனைப் பார்த்துப் பார்த்துப் பயந்து, ஊசி போட்டு இரண்டு நிமிடத்தில் முகம் வெளுத்துச் சாய்ந்துவிடுவார்கள். அது மருந்தின் ஒவ்வாமை இல்லை. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார்கள். அதனால் இவர்களுக்கு உட்கார்ந்துதான் ஊசி. காலையிலிருந்து சாப்பிடாமல் வரவேண்டாம்.

உண்மையான ஒவ்வாமை மிக அரிது, ஆனால் வந்தால் உடனே வரும். உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல். அதற்கான அட்ரினலின் மருந்து செவிலியரின் பெட்டியில் இருக்கும், ஆனால் நீங்கள் நான்காம் மாடியில் இருந்தால் அது உதவாது. அரை மணி நேரம் அங்கன்வாடியிலேயே உட்காரச் சொல்வது இதற்காகத்தான். வராந்தாவில் பந்தல் போட்டு மின்விசிறி வைக்கிறோம்.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வரும். பென்டா, டி.பி.டி. என்றால் அன்று இரவோ மறுநாளோ வந்து, ஓரிரு நாளில் போய்விடும். ஊசி போட்ட இடம் வீங்கும், வலிக்கும். எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். பாட்டிமார்கள் மன்னிக்கவும். எம்.ஆர். ஊசிக்கு வரும் காய்ச்சல் வேறு மாதிரி. ஒரு வாரம், பத்து நாள் கழித்து, லேசான சொறியோடு வரலாம். அப்போது யாருக்கும் ஊசி ஞாபகம் இருக்காது. பாராசிட்டமால் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, செவிலியரிடம் கேட்டு அட்டையின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றபாடில்லை, குழந்தை விடாமல் அழுகிறது, துவண்டு கிடக்கிறது, வலிப்பு வந்தது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். முன்பு ஏதாவது ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு வலிப்பு வந்திருந்தாலோ பெரிய ஒவ்வாமை வந்திருந்தாலோ மட்டும், ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எஃப் பிளாக்குக்குப் பின்னால், கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள்தான் போய்ச் சொல்லவேண்டும். சென்ற வாரம் அங்கே ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். வயது 14 மாதம். ஊரில் ஒன்றரை மாதத்தில் ஒருமுறை ஊசி போட்டதோடு சரி, அப்புறம் ஊர் ஊராக வேலை. "எல்லாம் முதலிலிருந்து போடணும்னு சொல்லுவாங்க, அதுக்கு எங்க நேரம்" என்று அந்தத் தாய் தயங்கினார். செவிலியரிடம் கேட்டேன். முதலிலிருந்து தொடங்கத் தேவையே இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதன்கிழமை அந்தக் குழந்தைக்குப் பென்டா இரண்டாம் தவணையும், விட்டுப்போன எம்.ஆர். முதல் தவணையும், போலியோவும் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். நான்கு வாரம் கழித்துப் பென்டா மூன்றாவது. 16 மாதம் முடிந்ததும் எம்.ஆர். இரண்டாவது. அதற்குள் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் பதிவு இருப்பதால் அங்கே தொடரலாம். அட்டை இல்லை, ஆதார் இல்லை, இந்த ஊர் முகவரி இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

மற்றவர்கள் அட்டையைக் கொண்டுவாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் பிக்மி எண் போதும், கர்ப்பமாக இருந்தபோது கொடுத்த எண். தனியார் மருத்துவமனையில் போட்டவர்கள் அந்தப் புத்தகத்தையே எடுத்துவாருங்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. விட்டுப்போனவர்களுக்கு இந்த முகாமில் மருந்து இருக்காது, பெயரைக் கொடுத்தால் சுகாதார நிலையத்தில் நாள் குறித்துத் தருகிறேன்.

மருந்து நல்லதா என்று சந்தேகம் இருப்பவர்கள் செவிலியரிடம் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெயிலில் அடிபடவில்லை என்று அர்த்தம். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ அதைப் போடக்கூடாது. வெப்பம் பட்டதை மட்டும்தான் இது காட்டும், மருந்து உறைந்துபோனதைக் காட்டாது. டி.பி.டி., பென்டா, டி.டி. எல்லாம் உறைந்தால் வீண். அதனால்தான் பெட்டியில் வைக்கும் ஐஸ் பாக்கெட்டை எடுத்தவுடன் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்திருந்து அப்புறம் அடுக்குவார்கள். ஐஸ் உருகுகிறதே என்று பதறவேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குள் எல்லோருக்கும் எம்.ஆர். போட்டபோதும் வதந்தி பறந்தது. நம் குடியிருப்பிலும் அன்றைக்குப் பலர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அன்று ஊசி போட்டுக்கொண்ட பெண் பிள்ளைகளில் இருவர் இந்த முறை கைக்குழந்தையோடு என் பட்டியலில் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கும். அந்த ஊசி அவர்களுக்குக் கொடுத்தது இந்தப் பாதுகாப்பைத்தான். கேள்வி இருந்தால் நேரில் வந்து செவிலியரிடமே கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு பிளாக்காக வந்து நேரச் சீட்டு தருகிறேன். வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவிடுக்கில் செருகிவைப்பேன். சென்ற முறை திரும்பிப்போன அந்தத் தாயின் வீட்டுக்குத்தான் முதல் சீட்டு. குழந்தைக்குச் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டாயிற்றாம், மறுபடியும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு. இப்போது அது ஒன்றரை வயது ஊசிக்கு வருகிறது. காலை 9.45, சி பிளாக்.

இப்படிக்கு,
முகாம் ஏற்பாட்டாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்